இருபது பேர் நிற்கும் கடைக்கு அறுநூறு பேர் வந்தால்



வன்னியில் நான் வேலை செய்யும் பகுதியில் பெண்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துபவர்கள். ஒடியல் மா, பனங்கற்கண்டு, மிளகாய்த்தூள், முறுக்கு, பனையோலைப் பெட்டி என்று அவர்கள் செய்யும் பொருட்களை விற்பதற்கு ஒரு சிறிய இணையத்தளமும் வைத்திருக்கிறார்கள். அதில் வாங்குகிறவர்களில் அநேகர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து காசைக் கட்டுவார்கள். பொருள் முல்லைத்தீவில் இருக்கும் அம்மாவின் வீட்டுக்குப் போகும்.

2024 ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. இரவு 7 மணிக்கு, எல்லா நாட்டு வட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் "தீபாவளிப் பெட்டி விற்பனை தொடங்கிவிட்டது, முதல் 150 பெட்டிகளுக்கு விலைக்கழிவு" என்ற செய்தியைச் சங்கத்தினர் அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் தளத்தைப் பார்க்கும் தங்கச்சி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, தளம் திறக்குதில்லை. வெள்ளைப் பக்கத்தில 508 எண்டு ஏதோ வருது" என்றாள். ஒன்பது மணி வரை அது விட்டு விட்டுத்தான் வேலை செய்தது.

வராமற்போன வியாபாரம் ஒரு பக்கம். அதைவிட மோசமானது அடுத்த நாள் காலையில் தெரிந்தது. காசு வாங்கும் நிறுவனத்தின் கணக்கில் 23 பேர் கட்டியதாக இருந்தது. எங்கள் தளத்தில் 14 ஓடர்களே காசு கட்டியதாக இருந்தன. மற்ற 9 பேரின் ஓடர்களும் "Cancelled" என்று கிடந்தன. அவர்களுக்காக ஒதுக்கப்பட்ட பெட்டிகளைத் தளம் திரும்ப விற்பனைக்கு விட்டு, வேறு ஆட்களுக்கு விற்றும் விட்டது. அந்த ஒன்பது பேரில் ஒரு மகள், "அம்மாவுக்குப் பெட்டி வருகுதெண்டு சொல்லிப்போட்டன், அவ ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறா" என்று எழுதியிருந்தார். சங்கத் தலைவி அக்கா அந்தச் செய்தியை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவேயில்லை.

எது எங்கே உடைந்தது, அடுத்த தீபாவளிக்கு முன் எதையெல்லாம் மாற்றினோம் என்பதை இம்முறை எழுதுகிறேன். உங்கள் சங்கத்துக்கும் ஒரு தளம் இருந்தால், தைப்பொங்கலுக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ விற்பனை அறிவிக்க முன் இதைப் பார்த்துக்கொள்ளலாம். நானும் கணினி படித்தவளல்ல. தளத்தைப் பார்க்கும் தங்கச்சியோடு பக்கத்தில் இருந்து விளங்கிக்கொண்டவற்றையே சொல்கிறேன்.

கடை எங்கே இருக்கிறது?

தளம் என்பது எங்கள் கணினியில் இருப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் பெரிய கணினியில் வாடகைக்கு எடுத்த ஒரு மூலையில் இருக்கிறது. அதே கணினியில் வேறு பலரின் தளங்களும் இருக்கும். ஒருவர் முழு இடத்தையும் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். எங்களுடைய அளவு ஒரே நேரத்தில் 20 வேலைகள். மலிவான வாடகைத் திட்டங்களில் இந்த அளவு சாதாரணமாகக் காணப்படுவதுதான். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் "Resource Usage" என்பதைத் திறந்தால், "Entry Processes" என்ற பெயருக்கு நேரே உங்கள் அளவைக் காணலாம். அந்த அளவைத் தாண்டி வருகிறவருக்கு "508 Resource Limit Is Reached" என்று காட்டித் திருப்பி அனுப்பிவிடும்.

இருபது பேர் மட்டும் நிற்கக்கூடிய ஒரு சிறிய கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் உடனே வாங்கிக்கொண்டு போய்விட்டால், ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்தாலும் நெரிசல் இராது. ஒவ்வொருவரும் நின்று நேரம் எடுத்தால் வாசலில் கூட்டம் சேரும். ஆகவே எத்தனை பேர் வருகிறார்கள் என்பது மட்டும் போதாது, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிடத்தில் 600 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 5 பக்கம் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 3000 பக்கங்கள். ஐந்து நிமிடம் என்பது 300 செக்கன். அப்படியென்றால் செக்கனுக்கு 10 பக்கங்கள். ஒரு பக்கத்தைத் தயாரிக்கத் தளத்துக்கு 3 செக்கன் எடுத்தால், எந்த நேரத்திலும் 30 வேலைகள் நடந்துகொண்டிருக்கும். எங்களுக்கு இருப்பது 20. அந்த ஞாயிறு இரவு நடந்தது இதுதான்.

உங்கள் தளத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். ஒரு பக்கம் திறக்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்பதைக் கைத்தொலைபேசியில் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கு, செய்தி போகும் குழுக்களில் உள்ள ஆட்களை எண்ணி, அவர்களில் பாதிப்பேர் முதல் ஐந்து நிமிடத்தில் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை சமைத்து எல்லாருக்கும் பரிமாறுவது

எங்கள் தளம் வேர்ட்பிரஸ், வூகொமர்ஸ் என்ற மென்பொருட்களில் செய்தது. ஒருவர் முகப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது பெயர், விலை, படம் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பக்கத்தைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். அதற்குத்தான் அந்த 3 செக்கன். ஆனால் முகப்பும் பொருட்களின் பக்கங்களும் எல்லாருக்கும் ஒரே மாதிரியானவை. திருவிழாவில் அன்னதானத்துக்கு ஆளாளுக்கு உலை வைப்பார்களா? ஒரு பெரிய கிடாரத்தில் சமைத்துத்தானே எல்லாருக்கும் போடுகிறார்கள். அதேபோல ஒருமுறை கட்டிய பக்கத்தை எடுத்து வைத்து, வருகிற எல்லாருக்கும் அதையே கொடுக்கும் முறை உண்டு. இதை "கேஷ்" என்பார்கள். அதற்கான துணைமென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் இடவாடகை நிறுவனத்திடம் கேட்டபோது, தங்கள் கணினிக்குப் பொருத்தமானது எது என்று அவர்களே சொன்னார்கள்.

இனிக் கணக்கைத் திரும்பப் போடுவோம். எடுத்து வைத்த பக்கத்தைக் கொடுப்பதற்குத் தளம் புதிதாக வேலை செய்ய வேண்டியதில்லை. ஆகவே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்த இருபது இடங்களைப் பிடிப்பதே இல்லை என்று சொல்லலாம். 600 பேரில் 60 பேர் வாங்குகிறார்கள், அவர்கள் ஒவ்வொருவரும் கூடை, காசு கட்டும் பக்கம், நன்றிப் பக்கம் என்று 3 பக்கங்களைத் திறக்கிறார்கள் என்றால் 180 பக்கங்கள். 300 செக்கனுக்குப் பிரித்தால் செக்கனுக்கு ஒன்றுக்கும் குறைவு. மூன்றாற் பெருக்கினாலும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள்தான். முப்பது இரண்டாகக் குறைகிறது. கூடுதல் வாடகை ஒரு சதமும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கூடை, காசு கட்டும் பக்கம், "My account" எனப்படும் சொந்தக் கணக்குப் பக்கம் ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் வேறானவை. இவற்றை எடுத்து வைத்துக் கொடுத்தால், ஒருவர் எழுதிய பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் இன்னொருவரின் திரையில் வந்துவிடலாம். தனியே இருக்கும் பெண்களின் விலாசங்களை வைத்திருக்கும் எங்களுக்கு இது விளையாட்டான விஷயமல்ல. நல்ல துணைமென்பொருட்கள் இந்தப் பக்கங்களைத் தாமாகவே விட்டுவிடும். பக்கத்தின் பெயரை மாற்றியிருந்தால் சில வேளை தவறிவிடும்.

சரியாக இருக்கிறதா என்று அறிய இரண்டு கைத்தொலைபேசிகள் போதும். ஒன்றில் ஒரு பொருளைக் கூடையில் போட்டு, காசு கட்டும் பக்கம் வரை போய் ஒரு பொய்ப் பெயரை எழுதுங்கள். மற்றதில் கூடையைத் திறந்து பாருங்கள். வெறுமையாக இருக்க வேண்டும். அந்தப் பொருளோ பெயரோ தெரிந்தால் உடனே கேஷை நிறுத்திவிட்டு, அந்த மூன்று பக்கங்களையும் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தளத்தில் எதை மாற்றினாலும் இந்தச் சோதனையைத் திரும்பவும் செய்யுங்கள்.

படங்களின் பாரம்

எங்கள் முகப்பில் 14 படங்கள் இருந்தன. எல்லாம் கைத்தொலைபேசியில் எடுத்து, முழு அளவிலேயே போடப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை எம்பி. முகப்பை ஒருமுறை திறக்க 49 எம்பி இறங்க வேண்டும். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பார்க்கிற ஒருவர் அதற்காகக் காத்திருப்பாரா?

படத்தைத் திரையில் சிறிதாகக் காட்டினால் கோப்பும் சிறிதாகிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியல்ல. போடுவதற்கு முன் கோப்பையே சிறிதாக்க வேண்டும். அகலத்தை 1000 புள்ளிகளுக்குக் குறைத்து, தரத்தையும் சற்றுக் குறைத்துச் சேமித்தபோது ஒவ்வொன்றும் 120 கேபி அளவுக்கு வந்தது. பதினான்கும் சேர்ந்து இரண்டு எம்பிக்கும் குறைவு. முறுக்கின் நிறமும் பெட்டியின் பின்னலும் முன்போலவே தெரிந்தன. இந்த வேலையைச் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் ஒரு பின்னேரத்தில் முடித்தார்கள்.

காசு போனது, ஓடர் எங்கே?

இப்போது அந்த ஒன்பது பேரின் கதைக்கு வருகிறேன். வாங்குகிறவர் காசு கட்டும்போது அவர் எங்கள் தளத்தை விட்டுக் காசு வாங்கும் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போகிறார். அங்கே காசு ஏற்கப்பட்டதும், அந்த நிறுவனத்தின் கணினி எங்கள் தளத்துக்கு "இந்த ஓடருக்குக் காசு வந்துவிட்டது" என்று ஒரு தகவல் அனுப்பும். அந்தத் தகவல் வந்த வேளையில் எங்கள் தளம் நெரிசலில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. தகவல் உள்ளே வரவில்லை. ஆகவே ஓடர் "Pending payment", அதாவது காசுக்குக் காத்திருப்பது, என்ற நிலையிலேயே கிடந்தது.

வூகொமர்ஸில் "Hold stock (minutes)" என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் முதலே போட்டிருப்பது 60. காசு வராத ஓடரை 60 நிமிடம் வைத்திருந்து, பிறகு ரத்துச் செய்து, பொருளைத் திரும்ப விற்பனைக்கு விடும். காசு கட்டாமல் போகிறவருக்காகப் பொருள் முடங்கிக் கிடக்காமல் இருப்பதற்கே இப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் விஷயத்திலோ காசு கட்டியவரின் பெட்டியே அடுத்தவருக்குப் போய்விட்டது.

இதற்காக மூன்று காரியங்களைச் செய்தோம். முதலாவது, விற்பனை நடக்கும் நாட்களுக்கு அந்த 60 நிமிடத்தை 240 ஆக்கினோம். இதனால் காசு கட்டாதவரின் பெட்டியும் நான்கு மணித்தியாலம் முடங்கும். அந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். இரண்டாவது, விற்பனை தொடங்கியதிலிருந்து மணிக்கு ஒருமுறை ஒருவர் காசு நிறுவனத்தின் பட்டியலையும் எங்கள் ஓடர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிட்டார். காசு வந்தும் காத்திருக்கும் நிலையில் இருக்கும் ஓடரைக் கையாலேயே "Processing" என்று மாற்றிவிடலாம். வாங்கியவர் அனுப்பும் திரைப்படத்தை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.

மூன்றாவது, இருந்த 150 பெட்டிகளையும் தளத்தில் போடவில்லை. தளத்துக்கு 110, கடைக்கும் தொலைபேசிக்கும் 30 என்று பிரித்தோம். பத்துப் பெட்டிகளை எவருக்கும் விற்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். கணக்குத் தவறினால் கொடுப்பதற்கு அவை. முன்பு கடையில் விற்ற பெட்டியைத் தளத்தில் கழிக்க மறந்து, ஒரே பெட்டியை இருவருக்கு விற்ற சம்பவமும் எங்களிடம் நடந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் மணி அடிக்க வேண்டாம்

600 பேர் ஐந்து நிமிடத்தில் வந்தது தற்செயலல்ல. நாங்களே ஒரே நேரத்தில் கூப்பிட்டோம். அதுவும் எங்கள் இரவு 7 மணி சிட்னியில் நள்ளிரவு தாண்டிய நேரம், லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30.

2025 தீபாவளி ஒக்டோபர் 20இல் வந்தது. அந்த முறை செப்ரெம்பர் 27, சனிக்கிழமை, ஒவ்வொரு நாட்டுக் குழுவிலும் உள்ள ஒருவரிடம் செய்தியைக் கொடுத்து, அவரவர் நாட்டில் மாலை ஏழு மணியளவில் போடச் சொன்னோம். அவுஸ்திரேலியாவின் ஓடர்கள் எங்களுக்குப் பின்னேரம் வந்தன. லண்டனின் ஓடர்கள் நடு இரவுக்கு முன்னும் பின்னும், கனடாவின் ஓடர்கள் விடியற்காலையிலும் வந்தன. ஒரு நாட்டார் எல்லாவற்றையும் வாங்கிவிடாதபடி, விலைக்கழிவுப் பெட்டிகளையும் மூன்று பங்காக்கி, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பங்காகத் தளத்தில் சேர்த்தோம். இதற்கு ஒருவர் இரவு விழித்திருக்க வேண்டியிருந்தது. முறை வைத்துக்கொண்டோம்.

ஒத்திகையும் அதன் பிறகும்

விற்பனைக்குப் பத்து நாள் முன்பு, சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த 15 பேரும் தங்கள் கைத்தொலைபேசிகளை எடுத்து, தலைவி அக்கா கைதட்டியதும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். தங்கச்சி "Resource Usage" பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்ந்தபட்சம் 6 வந்தது. சோதனைக்கென்று 50 ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு, உண்மையான காட்டில் காசு கட்டி, ஓடர் தானாக "Processing" நிலைக்கு மாறுகிறதா என்றும் பார்த்தோம். எண்ணிக்கை 15ஐத் தாண்டியிருந்தால் ஒரு மாதத்துக்குக் கூடிய திட்டத்துக்கு மாறுவதாக இருந்தோம். அப்படி மாறுவதானால் விற்பனைக்குச் சில நாட்கள் முன்பே மாறிவிட வேண்டும், கடைசி நாளில் இடம் மாற்றினால் புதுச் சிக்கல்கள் வரும்.

ஒத்திகை முடிந்ததும் தளத்தின் முழுப் பிரதியொன்றை எடுத்து, வாடகைக் கணினிக்கு வெளியே எங்கள் கணினியிலும் வைத்தோம். அதன் பிறகு விற்பனை முடியும் வரை எதையும் புதுப்பிக்கவில்லை, வடிவத்தையும் மாற்றவில்லை. தளம் நின்றால் குழுக்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்தோம். "தளம் நெரிசலில் இருக்கிறது, திரும்பத் திரும்பக் காசு கட்ட வேண்டாம், உங்கள் பெயரை இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள், வரிசைப்படி பெட்டி ஒதுக்குவோம்" என்பதே அது. இரண்டு முறை காசு கட்டுகிறவர்களால் வரும் சிக்கல் பெரியது.

அந்தச் செய்தியை அனுப்ப வேண்டி வரவில்லை. ஆனாலும் எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஓடர் கிடைத்ததாகத் தளம் அனுப்பும் மின்னஞ்சல்களுக்கும் மணிக்கு இத்தனை என்று ஓர் அளவு இருந்தது எங்களுக்குத் தெரியாது. லண்டன்காரர் சிலருக்கு மின்னஞ்சல் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. அவர்கள் பயந்து தொலைபேசி எடுத்தார்கள். ஆகவே நன்றிப் பக்கத்திலேயே "உங்கள் ஓடர் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சல் பிந்தி வரலாம்" என்று எழுதிவிட்டோம். மணிக்கொருமுறை ஒப்பிட்டபோது காசு வந்தும் காத்திருந்த ஓடர்கள் இரண்டைக் கண்டுபிடித்தோம். இரண்டும் ரத்தாவதற்கு முன்பே சரிசெய்யப்பட்டன.

பூட்டி வைத்த பத்துப் பெட்டிகளில் ஒன்பது கடைசிவரை தேவைப்படவில்லை. அவற்றைத் தீபாவளிக்கு முதல் நாள் கடையில் விற்றோம். மற்ற ஒன்றை, விற்பனை தொடங்கிய கிழமையே தலைவி அக்கா முல்லைத்தீவுக்குப் போன பஸ்ஸில் தன்னோடு கொண்டு போனார். முதல் வருடம் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.